நாகஸ்வரமும் குரல்தானா?

1962இல் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தின் 'சிங்கார வேலனே தேவா' பாட்டில் எஸ். ஜானகியின் குரலும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரமும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போகும். மேடையில் அதைப் பாட ஆசைப்படும் ஒருவர், குரலை மட்டும் கழற்றிவிட்டு நாகஸ்வரத்தை வைத்துக்கொள்ள முடியுமா?

பழைய 'வாய்ஸ் ரிமூவர்' காலத்தில் பேச்சுக்கே இடமில்லை. ஸ்டீரியோ பதிவில் முதன்மைக் குரல் பெரும்பாலும் இடம், வலம் இரண்டிலும் ஒரே அளவில் இருக்கும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் குரல் மறையும். அதே நடுவில் குந்தியிருக்கும் பேஸ் கிட்டாரும் டிரம்ஸின் அடித்தாளமும் கூடவே போய்விடும். மோனோ பதிவிலோ இரண்டு பக்கமும் ஒன்றுதான். கழித்தால் மிஞ்சுவது மௌனம்.

2019இல் டீசர் நிறுவனம் இலவசமாக வெளியிட்ட ஸ்ப்ளீட்டரும், மெட்டாவின் ஆய்வாளர்கள் உருவாக்கிய டெமக்ஸும் வேறு வழியில் போகின்றன. ஒலி எங்கே இருக்கிறது என்பதைவிட அது எப்படி ஒலிக்கிறது என்பதே இவற்றுக்கு முக்கியம். ஆகவே மோனோ ஒரு தடையில்லை. கட்டளையும் ஒரே வரிதான்:

```
demucs --two-stems=vocals paattu.wav
```

முடிவில் `vocals.wav`, `no_vocals.wav` என்று இரண்டு கோப்புகள் கிடைக்கும். எல்லோரும் ஆவலாக இரண்டாவதைத்தான் முதலில் திறப்பார்கள். ஆனால் பிரித்த வேலையின் லட்சணம் தெரிவது முதலாவதில். பல்லவி முடிந்து சரணம் தொடங்குமுன் வரும் இடையிசையில் அந்தக் கோப்பு அமைதியாக இருக்க வேண்டும். அங்கே புல்லாங்குழலோ வயலினோ முனகினால், அது கரோக்கி டிராக்கிலிருந்து திருடு போன சரக்கு.

திருட்டுக்குக் காரணம் பயிற்சியில் இருக்கிறது. இந்தத் துறையில் பரவலாகப் பயன்படும் எம்யூஎஸ்டிபி18 தொகுப்பில் 150 பாட்டுகள். பெரும்பாலும் மேற்கத்திய பாப், ராக். பெட்டிகள் நான்கே: குரல், டிரம்ஸ், பேஸ், மற்றவை. கமகத்தோடு வழுக்கிப் போகும் நீண்ட ஸ்வரம் அந்தப் பாட்டுகளில் பெரும்பாலும் மனிதத் தொண்டைக்கே உரியது. குரலையே அச்சாகப் பின்தொடரும் நாகஸ்வரத்தை அந்த மென்பொருள் பாடகர் கணக்கில் சேர்த்தால் அதைக் குறை சொல்வதற்கில்லை. கர்நாடக இசைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கச்சேரியில் ஒவ்வொருவருக்கும் தனி மைக் வைத்துப் பதிந்தாலும் பாடகரின் மைக்கில் பக்கத்து வயலின் கசிந்துவிடுவதால், கற்றுக்கொடுக்கத் தூய குரல் கிடைப்பதே அரிது.

ஆனால் மேடைப் பாடகரை அதிகம் படுத்துவது இந்தக் கசிவு அல்ல. ஒரு டூயட்டை எடுத்துக்கொள்வோம். மெல்லிசைக் குழுவில் பாடும் பெண்ணுக்கு, பாடகியின் வரிகள் மட்டும் நீங்கிய டிராக் வேண்டும். மென்பொருளுக்கோ 'குரல்' என்றால் எல்லாக் குரலும்தான். ஆண்குரல், கோரஸ், ஹம்மிங் மூன்றும் ஒரே வாரலில் போய்விடும். இசையமைப்பாளர் கோரஸை ஓர் இசைக்கருவியாகவே கையாண்டிருக்கும் பாட்டில், மிஞ்சும் டிராக் பொக்கை வாய் போலத் தெரியும். பாடுபவருக்கு வேண்டியது "என் பங்கு, மற்றவர் பங்கு" என்ற பிரிவு. கிடைப்பது "குரல், கருவி" என்ற பிரிவு.

கொஞ்சம் கைவேலை செய்தால் பாதி சரியாகும். அடாசிட்டியில் இரண்டு கோப்புகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒரே இடத்தில் தொடங்கும்படி வைத்து, `vocals.wav` கோப்பில் பாடகியின் வரிகளை மட்டும் தேடித் தேடி மௌனமாக்க வேண்டும். ஆண்குரலும் கோரஸும் திரும்ப வந்துவிடும். அந்த வரிகளுக்கடியில் திருடு போயிருந்த புல்லாங்குழலும் கூடவே வரும். இருவரும் சேர்ந்து பாடும் இடத்தில் மட்டும் கத்தரி வேலைக்கு வழியில்லை. அங்கே ஒன்று, இருவரையும் விட்டுவிட வேண்டும். இல்லையென்றால் ஜோடிப் பாடகரை நேரில் அழைத்துவர வேண்டும். (இரண்டாவதுதான் நல்லது.)

வீட்டுச் சாதகத்துக்கு இந்தக் குறைகள் பெரிதாகத் தெரியாது. பயிற்சியில் குரலை முழுக்க நீக்குவதே தேவையில்லாத வேலை. பத்து டெசிபெல் அளவுக்குத் தாழ்த்தி அடியில் ஓடவிட்டால், தடுமாறும் இடத்தில் அசல் குரல் கைகொடுக்கும். பிரித்ததன் தழும்புகளும் மறையும். அதைவிட லாபம் தருவது `vocals.wav` தான். இசைக்குழுவின் இரைச்சல் விலகியதும் ஜானகி எங்கே மூச்சு எடுக்கிறார், எந்தச் சொல்லின் வாலில் ஸ்வரத்தை மெல்ல இறக்குகிறார் என்பதெல்லாம் காதருகே கேட்கும். கேசட்டைத் தேய்த்துத் தேய்த்துக் கேட்டவர்களுக்கு இது கிடைக்கவில்லை.

சுருதி மாற்றும்போது மட்டும் ஒரு கண்ணி இருக்கிறது. பாட்டை நான்காகப் பிரித்து, டிரம்ஸை மட்டும் தொடாமல் மற்றதை ஒரு கட்டை இறக்குவது மேற்கத்தியப் பாட்டுக்கு நல்ல உத்தி. அடிகள் கலங்காமல் இருக்கும். ஆனால் நம் பாட்டில் டிரம்ஸ் கணக்கில் சேரும் தபலாவும் மிருதங்கமும் பாட்டின் சுருதிக்கே சேர்க்கப்பட்டவை. அவற்றைப் பழைய இடத்திலேயே விட்டுவிட்டால், பாடகி சரியாகப் பாடினாலும் ஒவ்வொரு தட்டும் சுருதி விலகியே விழும்.