மலையில் இடம் சொல்லும் மூன்று கருவிகள்: பிரிட்டனின் அவசர அழைப்பை முன்வைத்து ஓர் ஒப்பாய்வு

பிரிட்டனில் 999, 112 ஆகிய இரண்டு எண்களும் ஒரே அழைப்பு மையத்துக்கே செல்வதால், இந்தியாவில் 112-க்குப் பழகிய பயணி அங்கே புதிதாக ஓர் எண்ணை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அழைப்பு இணைந்த பிறகு எழும் கேள்விதான் கடினமானது: எங்கே இருக்கிறீர்கள்? தெருப்பெயரோ கதவிலக்கமோ இல்லாத மலைப்பாதையில் இதற்கு விடை சொல்ல இன்று மூன்று வழிகள் உள்ளன. கைப்பேசி தானே அனுப்பும் இடத்தகவல், ‘வாட்த்ரீவேர்ட்ஸ்’ செயலி, பிரிட்டிஷ் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ‘ஓஎஸ் லொகேட்’ செயலி ஆகிய இம்மூன்றும், வேல்ஸின் மிக உயர்ந்த சிகரமான ஸ்னோடனின் உச்சியில் கால் பிசகி நிற்கும் ஒரு தமிழ்ப் பயணிக்கு எந்த அளவு உதவும் என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

கைப்பேசி தானே அனுப்புவது

அவசர எண்ணை அழைத்தவுடன் கைப்பேசி தன் ஜிபிஎஸ், வைஃபை வசதிகளைத் தானாக இயக்கி, சில நொடிகளில் இடத்தைக் கணித்து, அதை அவசர மையத்துக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பிவிடும் முறைக்கு ‘அட்வான்ஸ்டு மொபைல் லொகேஷன்’, சுருக்கமாக ஏஎம்எல், என்று பெயர். 2014-இல் பிரிட்டனில் தொடங்கிய இம்முறை பின்னர் ஆண்ட்ராய்டிலும் ஐஃபோனிலும் இயல்பாகவே இடம்பெற்றுவிட்டதால், எந்தச் செயலியையும் நிறுவ வேண்டியதில்லை. வலியிலும் பதற்றத்திலும் இருப்பவர் எதையும் படிக்கவோ சொல்லவோ தேவையில்லை என்பது இதன் பெரும் பலம். ஆனால் செய்தி போய்ச் சேர்ந்ததா என்பது அழைப்பவருக்குத் திரையில் தெரியாது. ரோமிங்கில் இயங்கும் அயல்நாட்டு சிம்மிலிருந்து அது எப்போதும் சென்றடையும் என்று நம்பியிருக்கவும் முடியாது. ஆகவே அது தன் வேலையைச் செய்யட்டும் என்று விட்டுவிட்டு, இடத்தை வாயாலும் சொல்வதே முறை.

மூன்று சொற்களின் சிக்கல்

வாட்த்ரீவேர்ட்ஸ் உலகப் பரப்பை மூன்று மீட்டர் சதுரங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று சொற்களாலான முகவரியைத் தருகிறது. இணையம் இல்லாதபோதும் அந்தச் சொற்கள் கிடைக்கும். எண்களைக் காட்டிலும் சொற்கள் நினைவில் நிற்கும் என்பதும் உண்மையே. ஆயினும் அதன் ஆங்கிலப் பட்டியலில் ஒரே சொல்லின் ஒருமையும் பன்மையும் தனித்தனியே இடம்பெறுவதால், இறுதியிலுள்ள ‘ஸ்’ ஒலி காற்றிரைச்சலில் கேட்காமல் போனால் முகவரி வேறோர் இடத்தைச் சுட்டும். இங்கிலாந்து, வேல்ஸ் மலை மீட்பு அமைப்பு ஓராண்டில் இச்செயலி வழியாகத் தனக்கு வந்த தவறான இடங்களைத் தொகுத்தபோது அவை 45 ஆக இருந்தன என்று 2021-இல் செய்தி வெளியானது.

தமிழ்ப் பயணிக்கு இன்னொரு தடையும் உண்டு. செயலியைத் தமிழில் வைத்திருப்பவருக்குத் தோன்றும் மூன்று தமிழ்ச் சொற்கள் ஆங்கிலச் சொற்களின் மொழிபெயர்ப்பு அல்ல. ஒவ்வொரு மொழிக்கும் சொற்கள் தனியாகவே ஒதுக்கப்பட்டுள்ளன. எனவே பிரிட்டனுக்குப் புறப்படும் முன்பே செயலியின் மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். சொல்லும்போதும் ஒவ்வொரு சொல்லையும் எழுத்தெழுத்தாகக் கூற வேண்டும்.

ஓஎஸ் லொகேட்

இலவசமான இச்செயலியைத் திறந்ததும் பெரிய எழுத்துகளில் தெரிவது ‘கிரிட் ரெஃபரன்ஸ்’ எனப்படும் கட்டக் குறியீடு. ஆர்ட்னன்ஸ் சர்வேயின் நிலப்படங்கள் இந்தக் கட்டங்களின்மீதே வரையப்பட்டுள்ளன. மீட்புக் குழுக்களின் கையிலிருப்பவையும் அவையே. ஸ்னோடன் உச்சியில் அது `SH 60986 54375` என்று அமையும். முதல் இரண்டு எழுத்துகள் நூறு கிலோமீட்டர் அளவுள்ள சதுரத்தையும், முதல் ஐந்து எண்கள் அச்சதுரத்தின் மேற்கு விளிம்பிலிருந்து கிழக்கே எவ்வளவு என்பதையும், பின் ஐந்து எண்கள் தெற்கு விளிம்பிலிருந்து வடக்கே எவ்வளவு என்பதையும் மீட்டரில் சொல்கின்றன. `SH 609 543` என்று சுருக்கினாலும் நூறு மீட்டர் சதுரத்துக்குள் இடம் அடங்கிவிடும். சுருக்கும்போது கடைசி எண்களை வெட்டிவிட வேண்டுமே தவிர, முழுமையாக்கக் கூடாது.

இதைப் படித்துச் சொல்வதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. ‘எஸ்’, ‘எஃப்’ இரண்டும் தொலைபேசியில் ஒன்றுபோலக் கேட்பதால் ‘சியரா, ஹோட்டல்’ என்று எழுத்துகளைக் கூறி, எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லவேண்டும். ‘சிக்ஸ்டி’, ‘சிக்ஸ்டீன்’ என்று சேர்த்துச் சொன்னால் குழப்பம் வரும்.

செயலிக்குக் கைப்பேசிச் சிக்னல் தேவையில்லை. ஆனால் இணைய உதவியின்றி ஜிபிஎஸ் முதன்முறை இடத்தைப் பிடிக்கச் சற்று நேரமாகும் என்பதால், திறந்தவுடன் தோன்றும் எண்களை நம்பாமல் அவை ஓரிடத்தில் நிலைக்கும்வரை பொறுக்க வேண்டும். இதன் பெரிய வரம்பு, பிரிட்டனுக்கு வெளியே இந்தக் கட்டக் குறியீடு பயன்படாது என்பது. அங்கெல்லாம் அட்சரேகையும் தீர்க்கரேகையுமே வழி. அவற்றில் இரண்டு பிழைகள் அடிக்கடி நேரக்கூடியவை. ஸ்னோடன் உச்சியின் `53.0685, -4.0763` என்ற தசமக் குறியீட்டில் 53.0685 பாகையை, 53 பாகை 6.85 நிமிடம் என்று யாராவது எழுதிக்கொண்டால், தேடல் ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் வடக்கே நகர்ந்துவிடும். இந்தியா முழுவதும் கிழக்குத் தீர்க்கரேகையில் இருப்பதால் நம்மவர் கவனிக்கத் தவறும் கழித்தல் குறியை விட்டுவிட்டால், குறியீடு நெதர்லாந்துக் கரைக்கு அப்பாலுள்ள வடகடலைச் சுட்டும். ‘டிகிரி’ என்பதையும் ‘வெஸ்ட்’ என்பதையும் வாய்விட்டுச் சொல்வதே இரண்டுக்கும் தீர்வு.

அழைப்பின் நடைமுறை

முதலில் எடுப்பவர் எந்தச் சேவை வேண்டும் என்று கேட்பார். மலையில் ஆம்புலன்ஸ் என்று சொல்லாமல் ‘போலீஸ்’ என்றும், காவல்துறை இணைந்ததும் ‘மவுண்டன் ரெஸ்க்யூ’ என்றும் கேட்கவேண்டும். ஏனெனில் தன்னார்வ மலை மீட்புக் குழுக்களை அழைப்பது காவல்துறையே. அக்குழுக்கள் கட்டணம் வாங்குவதில்லை. கட்டக் குறியீட்டோடு, ‘உச்சிக் கற்பீடத்தின் அருகில், லான்பெரிஸ் பாதை வழியாக ஏறினோம்’ என்பதுபோலக் கண்ணால் சரிபார்க்கக்கூடிய விவரத்தையும் சேர்த்தால், இரண்டும் முரண்படும்போது பிழை உடனே வெளிப்படும்.

தன் நெட்வொர்க் கிடைக்காவிட்டாலும் கைப்பேசி வேறு நெட்வொர்க்கின் வழியே அவசர அழைப்பை இணைக்கும். சிம் இல்லாத கைப்பேசிக்குப் பிரிட்டனில் அவ்வசதி இல்லை. இவ்வாறு பிற நெட்வொர்க்கில் பேசுபவரைத் திரும்ப அழைக்கவும் முடியாது, மீட்புக் குழு இடமறிய அனுப்பும் இணைப்புக் குறுஞ்செய்தியும் அவருக்கு வந்து சேராது. அதனால் விவரம் முழுவதையும் சொல்லி முடித்து, மறுமுனையில் அது திருப்பிப் படிக்கப்பட்ட பிறகே துண்டிக்கவேண்டும்.

தூதரகத்தின் இடம்

காமன்வெல்த் நாடுகளுக்கிடையே தூதரகம் ‘ஹை கமிஷன்’ எனப்படுவதால் இந்தியக் குடிமக்கள் தேடவேண்டியது லண்டனிலுள்ள இந்திய ஹை கமிஷனை. எடின்பரோவிலும் பர்மிங்காமிலும் துணைத் தூதரகங்கள் உள்ளன. மீட்புக் குழுவை அனுப்புவதோ மருத்துவச் செலவை ஏற்பதோ ஹை கமிஷனின் வேலையன்று. குடும்பத்துக்குத் தகவல் சேர்ப்பதற்கும், பாஸ்போர்ட் தொலைந்தால் நாடு திரும்ப ‘எமர்ஜென்சி சர்டிஃபிகேட்’ பெறுவதற்கும் அது தேவைப்படும். இதற்குக் காவல்துறையில் அளித்த புகாரின் எண்ணைக் குறித்து வைத்திருப்பது உதவும்.  ஹை கமிஷனின் அவசரத் தொடர்பு எண்ணை அதிகாரபூர்வத் தளத்திலிருந்து +44 முன்னொட்டுடன் பதிந்துகொள்வது நல்லது.

முடிவு

பிரிட்டிஷ் மலையேற்றத்துக்கு ஓஎஸ் லொகேட்டே முதலிடம் பெறுகிறது. இடத்தைத் தருவதும் சரிபார்ப்பதும் ஒரே நிலப்படத்தின்மீது நிகழ்வதே காரணம். ஏஎம்எல் மறைவான துணை. வாட்த்ரீவேர்ட்ஸ், எழுத்துக்கூட்டிச் சொல்ல அவகாசம் உள்ள நிலையில் மட்டும் மூன்றாவது தெரிவாக இருக்கலாம்.