பாதம் எங்கே இருக்கிறது?

வார்த்தைகளைக் கொடுத்தால் படம் போட்டுத் தரும் இயந்திரங்கள் வந்த பிறகு, கதைக்குச் சித்திரக்காரரைத் தேடி அலைவது குறைந்துவிட்டது. இயந்திரத்துக்குக் கொடுக்கும் அந்த வார்த்தைகளுக்கு ‘பிராம்ப்ட்’ என்று பெயர். நம் பாஷையில் அது வர்ணனைதான். வர்ணனை என்றால் விமர்சனத்துக்கும் உட்பட்டது. கதையில் ஒரு வரியை நிறுத்திப் பார்ப்பதுபோல இதையும் நிறுத்திப் பார்க்கலாம்.

சோளிங்கரில் நடக்கும் ஒரு சிறுகதைக்காக இளம் எழுத்தாளர் ஒருவர் எழுதிய பிராம்ப்ட் என் பார்வைக்கு வந்தது. கதாநாயகி மலையடிவாரத்தில் அர்ச்சனைத் தட்டு விற்பவள். சக்கர நாற்காலியில் இருப்பவள். பிராம்ப்ட் இது: “சக்கர நாற்காலியில் முடங்கிய, சோகம் நிறைந்த, ஆனாலும் தன்னம்பிக்கை மிக்க இளம்பெண், மலைப் படிகளை ஏக்கத்தோடு அண்ணாந்து பார்க்கிறாள்.”

வந்த படத்தில் ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடக்குமே, அந்த நாற்காலி. பின்னால் தள்ளுவதற்குக் கைப்பிடி. பிடித்துக்கொண்டு முகம் தெரியாத ஒருவர். அவள் முழங்காலில் ஒரு போர்வை. பாதங்கள் அந்தரத்தில் தொங்குகின்றன. மேகத்தைப் பிளந்து ஒரு கதிர் அவள் நெற்றியில் விழுகிறது. அர்ச்சனைத் தட்டைக் காணோம்.

இயந்திரத்தைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. கோடிக்கணக்கான படங்களையும் அவற்றோடு எழுதியிருந்த வாசகங்களையும் சேர்த்துப் பார்த்துப் பழகியது அது. நாம் சொல்லாமல் விட்ட இடத்தை, அங்கே அதிகமாகக் கண்டதைக் கொண்டு நிரப்பும். சக்கர நாற்காலி என்ற சொல்லோடு அது அதிகம் கண்டவை ஆஸ்பத்திரியும் முதுமையும் துயரமும். 2024-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 25 மாற்றுத்திறனாளிகளிடம் இத்தகைய படங்களைக் காட்டிக் கேட்டபோது, தனிமையும் சோகமும் திரும்பத் திரும்ப வருவதை அவர்கள் சுட்டிக்காட்டினார்கள்.

நம் பிராம்ப்டில் இயந்திரத்துக்கு அந்த வேலையும் மிச்சமாகிவிட்டது. ‘முடங்கிய’, ‘சோகம் நிறைந்த’ என்று நாமே சொல்லிக் கொடுத்திருக்கிறோம். ‘தன்னம்பிக்கை’ என்ற சொல் நல்ல எண்ணத்தோடு வந்ததுதான். ஆனால் அதை இயந்திரம் வெளிச்சக் கதிராகவும் அண்ணாந்த முகமாகவுமே மொழிபெயர்க்கும். பரிதாபம் ஒரு அடை, புகழ்ச்சி இன்னொரு அடை. இரண்டுக்கும் நடுவே அந்தப் பெண் என்ன செய்கிறாள் என்பது விட்டுப்போயிற்று. அவள் வியாபாரி. அவளுக்கு ஒரு வினைச்சொல்லைக் கூட நாம் கொடுக்கவில்லை. ‘பார்க்கிறாள்’ என்பதைத் தவிர.

வினைச்சொல்லுக்கு எவ்வளவு வலு உண்டு என்பதற்கு வடாற்காட்டுக்காரர்கள் வெகுதூரம் போக வேண்டாம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் மேரி வர்கீஸ் இருந்தார். 1954-ல் மோட்டார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப் போனார். அதன் பிறகு சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் சீர்படுத்தினார். கை அறுவையில் கால் ஊன்றி நிற்கும் டாக்டர்களும் பெரும்பாலும் உட்கார்ந்துதான் வேலை செய்கிறார்கள். அந்த மேஜைக்கு முன்னால் அவருக்கும் மற்றவர்களுக்கும் உயர வித்தியாசம் இல்லை. 1966-ல் வேலூரில் ஏற்பட்ட மறுவாழ்வு நிலையம் அவர் முயற்சி. 1972-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அவரைப்போன்ற ஒருவரைப் படமாக்க, ‘தைரியசாலியான ஊனமுற்ற டாக்டர்’ என்று எழுதலாம். ‘கை அறுவை மேஜைக்கு முன் அமர்ந்து, குனிந்து, நோயாளியின் விரலில் தையல் போடுகிறார், அமர்ந்திருப்பது சக்கர நாற்காலி’ என்றும் எழுதலாம். இரண்டாவதில் புகழ்ச்சியே இல்லை. மரியாதை முழுவதும் அதில்தான் இருக்கிறது.

இனி நம் அர்ச்சனைத் தட்டுக்காரிக்கு வருவோம். முதல் கேள்வி, எந்த நாற்காலி? இன்னொருவர் தள்ளுவதற்கான நாற்காலி வேறு, தானே ஓட்டுவது வேறு. தானே ஓட்டுவதில் பெரிய சக்கரத்துக்கு வெளிப்புறம் ஒரு மெல்லிய வளையம் இருக்கும். டயரைத் தொடாமல் அதைப் பிடித்துத்தான் உருட்டுவார்கள். முதுகுச் சாய்வு தாழ்ந்திருந்தால் தோள் தாராளமாக வீசும். முன்னால் இரண்டு சிறு சக்கரங்கள், அவற்றை ஒட்டிப் பாதப்பலகை. நம் ஊர்களில் கையால் சுழற்றும் மூன்று சக்கர வண்டியும், பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரும் ஓடுகின்றன. ஆஸ்பத்திரி நாற்காலியையே வீட்டில் வைத்துப் புழங்குகிறவர்களும் உண்டு. எது சரி என்பதைக் கதைதான் சொல்ல வேண்டும். இந்தக் கதையில் அவள் தினமும் தனியாகக் கடைக்கு வருகிறாள். ஆகவே தானே ஓட்டும் நாற்காலி.

அப்படியானால் பிராம்ப்ட் இவ்வாறு அமையும்: “சோளிங்கர் மலையடிவாரத்தில் அர்ச்சனைத் தட்டுக் கடை. முப்பது வயதுப் பெண், நூல் சேலை, தானே ஓட்டும் சக்கர நாற்காலியில். தாழ்ந்த முதுகுச் சாய்வு, பெரிய சக்கரத்தின் வெளியே உலோக வளையம், முன்னால் இரண்டு சிறு சக்கரங்கள், இரு பாதங்களும் பாதப்பலகை மேல். இடது கை வளையத்தில். வலது கையால் தேங்காய்த் தட்டை வாங்குபவரிடம் நீட்டுகிறாள், பேசிக்கொண்டே. காமிரா அவள் கண்மட்டத்தில். காலை வெளிச்சம்.”

இதில் ‘தள்ளுபவர் வேண்டாம்’ என்று எழுதாததைக் கவனிக்க வேண்டும். இல்லை என்ற சொல்லை இந்த இயந்திரங்களில் பல சரியாக வாங்கிக்கொள்வதில்லை. தள்ளுபவர் என்ற சொல் காதில் விழுந்ததும் ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்திவிடும். இருப்பதைச் சொன்னால் இல்லாதது தானே விலகும். கண்மட்டம் என்று சொன்னதற்கும் காரணம் உண்டு. மேலிருந்து பார்த்த படத்தில் யாரும் சிறுத்துப்போவார்கள். மலைப் படிகளை நான் எடுத்துவிட்டேன். பெரிய மலைக்கு 1305 படி. அதை ஏக்கத்தின் சின்னமாக வைப்பது சுலபம். ஆனால் 2024 முதல் அங்கே ரோப் கார் ஓடுகிறது; படி ஏற முடியாத கிழவர்களும் குழந்தைகளைச் சுமந்தவர்களும் அதில் போகிறார்கள். படியைப் பார்த்து ஏங்கும் பெண் பழைய கற்பனை.

காது கேட்கும் கருவிக்கும் இதே நியாயம். ‘காதில் கருவி’ என்று மட்டும் எழுதினால் பாட்டுக் கேட்கும் இயர்போனைச் சொருகிவிடும். காது மடலுக்குப் பின்னால் பயற்றங்காய் விதை போன்ற சிறு உடல், அதிலிருந்து மடலைச் சுற்றி இறங்கும் ஒளி ஊடுருவும் குழாய், காதுக்குள் அச்சு என்று மூன்றையும் சொல்ல வேண்டும். தலையில் ஒட்டியிருக்கும் வட்டமான காந்தத் துண்டு வந்துவிட்டால் அது வேறு: உட்காதில் அறுவை செய்து பொருத்தும் காக்ளியர் கருவி. இரண்டையும் கலப்பது, மூக்குக் கண்ணாடியையும் தூரதர்சினியையும் கலப்பது போல.

படம் வந்ததும் முகத்தை முதலில் பார்க்கக் கூடாது. முகம் எப்போதும் அழகாகத்தான் இருக்கும். பாதம் எதன் மேல் இருக்கிறது, கை எதைப் பிடித்திருக்கிறது, சிறு சக்கரம் இரண்டும் தரையைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஆரக்கால்கள் குழம்பியிருந்தால் அந்த இடத்தை மட்டும் திரும்பப் போடச் சொல்லலாம். இரண்டு மூன்று முறைக்கும் சரிப்படாவிட்டால் ஒரு நிஜ நாற்காலியின் புகைப்படத்தை மாதிரியாகக் கொடுக்கலாம்; அதற்கும் மசியவில்லை என்றால் சித்திரக்காரரிடம் போவதே மேல். அச்சுக்குப் போகுமுன் அப்படியொரு நாற்காலியில் புழங்குகிறவர் ஒருவரிடம் காட்ட வேண்டும். அவர் பார்த்ததும் “இந்த நாற்காலி உருளாதே” என்று சொன்னால், படத்தில் வேறு எது நன்றாக இருந்தும் அது பொய்.