முகூர்த்த நாளும் ஏழாம் விதியும்

மத்திய அரசு ஊழியர்களுக்கான 1972-ஆம் ஆண்டு விடுப்பு விதிகளில் மகப்பேற்றுக்கு விடுப்பு உண்டு. குழந்தை வளர்ப்புக்கும் மேற்படிப்புக்கும்கூட உண்டு. கல்யாணத்துக்கென்று தனியாக எதுவும் இல்லை. தன் கல்யாணமோ மகள் கல்யாணமோ, கணக்கில் சேர்ந்திருக்கும் ஈட்டிய விடுப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும். அதற்கும் 7-ஆம் விதி குறுக்கே நிற்கிறது. விடுப்பை உரிமையாகக் கேட்க முடியாது. பணியின் அவசியத்தைக் காரணம் காட்டி அதிகாரி எந்த விடுப்பையும் மறுக்கலாம், கொடுத்ததை ரத்தும் செய்யலாம்.

இந்த ஏற்பாட்டை ஒரேயடியாகப் பழிப்பதற்கில்லை. ஈட்டிய விடுப்பு ஆண்டுக்கு 30 நாள் வரவாகிறது. 300 நாள் வரை சேர்த்து வைக்கலாம். பத்திரிகையை ஆதாரமாக நீட்ட வேண்டியதில்லை. கல்யாணம் செய்துகொள்ளாதவருக்கும் பிள்ளை இல்லாதவருக்கும் நாள் குறைவதில்லை. மருத்துவமனை போன்ற இடங்களில் ஆள் இல்லாமல் போனால் பாதிக்கப்படுவது பொதுமக்கள் என்பதால், மறுக்கும் அதிகாரம் எங்காவது இருந்தே ஆக வேண்டும்.

கோளாறு அதிகாரத்தைப் பயன்படுத்தும் வேளையில் இருக்கிறது. ஒரு கற்பனை அலுவலகத்தைப் பார்ப்போம். தலைமை எழுத்தர் ஒருவர் மகள் கல்யாணத்துக்காக இரண்டு மாதம் முன்பே 15 நாள் ஈட்டிய விடுப்பு கேட்கிறார். கல்யாணம் நடக்கும் அதே வாரம் தணிக்கைக் குழு வருகிறது. எட்டு நாள்தான் தர முடியும் என்று அதிகாரி அன்றைக்கே எழுதிக் கொடுத்திருந்தால் அது நியாயமான கட்டுப்பாடு. சமையல்காரரைப் பார்ப்பது, ஜவுளி எடுப்பது போன்ற வேலைகளை வீட்டில் வேறொருவர் தலையில் கட்டிவிடலாம். நடப்பது வேறு. “பார்க்கலாம்” என்ற சொல்லோடு மனு மேசையிலேயே கிடக்கும். கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது, “தற்செயல் விடுப்பு போட்டுக்கொள்ளுங்களேன்” என்பார்கள். கேட்ட விடுப்பை மறுக்க அதிகாரிக்கு உரிமை உண்டு. ஊழியர் எழுதிக் கேட்காமல் அதை வேறு வகை விடுப்பாக மாற்ற உரிமை இல்லை என்று அதே 7-ஆம் விதி சொல்கிறது. தற்செயல் விடுப்போ ஆண்டுக்கு எட்டே நாள். அதை ஈட்டிய விடுப்போடு ஒட்டவைக்கவும் முடியாது.

மறுத்த பிறகும் அவர் மணமேடைக்குப் போனால்? அனுமதியில்லாமல் வராதவர் என்று குறிப்பாணை வரலாம், சம்பளமும் போகலாம். ஆனால் 2012-இல் கிருஷ்ணகாந்த் பர்மார் வழக்கில், வராமல் இருந்தது வேண்டுமென்றே செய்ததென்று விசாரணையில் நிரூபித்தால்தான் அது ஒழுங்கீனமாகும் என்றது உச்ச நீதிமன்றம். தவிர்க்க முடியாத காரணத்தால் வராதவருக்கு இந்தத் தீர்ப்பு ஓரளவு கைகொடுக்கும். மறுப்பு ஆணை கைக்கு வந்தபின் தெரிந்தே போனவருக்கு அவ்வளவு உதவாது. அதனால்தான் மறுப்பு எழுத்தில், தேதியோடு, முன்கூட்டியே வந்ததா என்பது இரண்டு தரப்புக்கும் முக்கியமாகிறது.

‘எல்லாரும் ஒரே நாளில் கேட்கிறார்கள்’ என்ற மேலதிகாரிகளின் புலம்பலில் உண்மை இருக்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் பொதுவாகக் கல்யாணம் வைப்பதில்லை. தை, ஆவணி வளர்பிறை முகூர்த்தங்களில் மண்டபம் கிடைக்காது. ஆனால் பஞ்சாங்கம் அலுவலகத்துக்கும் தெரிந்ததுதானே! மண்டபத்துக்கு ஆறு மாதம் முன்பே முன்பணம் கட்டுகிறார்கள். இவ்வளவு முன்னதாகத் தெரியும் நெருக்கடியைக் கடைசி வாரத்தில் ‘பணியின் அவசியம்’ என்று காட்டினால், அது அலுவலகம் திட்டமிடாததன் அடையாளம் என்பேன்.

பிரான்ஸ் வேறு வழியில் போனது. அங்கே தொழிலாளர் சட்டமே தன் கல்யாணத்துக்கு நான்கு நாளும் பிள்ளை கல்யாணத்துக்கு ஒரு நாளும் சம்பளத்தோடு தருகிறது. மறுப்பு, பேரம் எதற்கும் இடமில்லை. கட்டுப்பாடு முழுக்க நாள் கணக்கில்தான். உரிமை வேறு, நாள் கணக்கு வேறு என்ற இந்தப் பிரிப்பு எனக்குப் பிடிக்கிறது. ஆனால் முதல் நாள் மாலை வரவேற்பும் மறுநாள் முகூர்த்தமும் உள்ள நம் வீடுகளுக்கு ஒரு நாள் எந்த மூலைக்கு?

‘தன் கல்யாணம், பிள்ளை கல்யாணம்’ என்று விதி எழுதப் புறப்பட்டால் இன்னொரு சிக்கலும் வரும். அப்பா இல்லாத வீட்டில் தங்கை கல்யாணத்தை நடத்துவது அண்ணன். பத்திரிகையில் அழைப்பவர் அவர், பந்தியில் நிற்பவரும் கடன் வாங்குபவரும் அவரே. 1952-ஆம் ஆண்டின் தொழிலாளர் வருங்கால வைப்புநிதித் திட்டம் இதைப் புரிந்துகொண்டிருந்தது. அதன் 68-கே பத்தி மகன், மகள் கல்யாணத்துக்கு மட்டுமல்லாமல் உடன்பிறந்தார் கல்யாணத்துக்கும் பணம் எடுக்க இடம் தந்தது. பணத்துக்கு வகுத்த அந்தப் பட்டியலை நிறுவனங்கள் கல்யாண விடுப்புக்கும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஒரே முகூர்த்தத்துக்கு இருவர் கேட்டால் தன் கல்யாணக்காரருக்கு முதலிடம். மற்றபடி முன்னால் மனுக் கொடுத்தவருக்கு. இரண்டாமவருக்கு நாளைக் குறைக்கலாம், முகூர்த்த நாளில் மட்டும் கைவைக்கக் கூடாது.