உச்சியும் வகிடும்

போன ஆகஸ்ட் விடுமுறைக்கு என் எட்டு வயது மகனைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்திலிருந்து திருச்சிக்குப் போய், உறையூரில் இருக்கும் ஒன்றுவிட்ட அக்கா வீட்டில் பத்து நாள் நின்றேன். மூன்றாம் நாள் காலை மலைக்கோட்டைக்குப் போகவென்று அவனை முன்னால் இருத்தித் தலை இழுத்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு அம்மா வந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சிரித்தபடி கேட்டார்: "ஏங்க, உங்க ஊர்ல இன்னும் இப்படி எண்ணெய் வழிய வழியத்தான் பசங்கள ஸ்கூலுக்கு அனுப்புவீங்களா?"

"வழியேல்லை அக்கா, இவன்ர தலைமயிருக்கு இவ்வளவும் வேணும்" என்றேன். அவர் முகம் சட்டென்று மாறிவிட்டது. அவர் போன பிறகு அக்கா என்னைக் குசினிக்குள் இழுத்துப்போய், "இஞ்ச அந்தச் சொல்லைச் சொல்லாத. முடி எண்டு சொல்லு" என்றாள். மயிர் அங்கே வசைச் சொல். எங்களுக்கு அது தலையில் முளைக்கிற ஒன்றின் பெயர், அவ்வளவுதான். வள்ளுவரும் மயிர் என்றே எழுதியிருக்கிறார். யாழ்ப்பாணத்துப் பாட்டி முதல் பாலர் வகுப்புப் பிள்ளை வரை கூசாமல் சொல்லும் ஒரு நல்ல சொல்லை அவர்கள் தொலைத்துவிட்டார்கள் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

தலை இழுக்கிற அந்த ஒரு வேலைக்குள் எத்தனை சொல் மாறுகிறது என்று அதற்குப் பிறகுதான் கவனிக்கத் தொடங்கினேன். நாங்கள் தலை இழுக்கிறோம், அவர்கள் தலை சீவுகிறார்கள். நாங்கள் உச்சி பிரிக்கிறோம், அவர்கள் வகிடு எடுக்கிறார்கள். எங்கள் கன்ன உச்சி அவர்களுக்குக் கோண வகிடு. கோணல் என்ற சொல் அந்த நேரான கோட்டுக்கு எப்படி வந்து சேர்ந்ததோ! எண்ணெய்க்குள் நாங்கள் போட்டுக் காய்ச்சும் செவ்வரத்தம்பூ அங்கே செம்பருத்தி, கையாந்தகரை அங்கே கரிசலாங்கண்ணி. துவாய் துண்டாகிறது. சொடுகு பொடுகாகிறது. வகிடு என்பது வடிவான சொல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் "வாடா அப்பன், தலை இழுத்துவிட" என்று கூப்பிடும்போது பிள்ளை ஓடி வருகிற மாதிரி "தலை சீவணும் வா" என்பதற்கு வருமா என்று எனக்குத் தெரியவில்லை.

வழிகிறது என்று அவர் சொன்னதுதான் மனதில் தைத்தது. வழிய விடுவதில்லை என்பதுதான் இந்த வேலையின் நுட்பமே. எங்கள் வீட்டில் பொடியன் ஆறு மணிக்குக் கிணற்றடியில் குளிப்பான். துவாயால் ஈரத்தை ஒற்றி எடுத்து, தலை நனைவும் காய்வுமாக இருக்கும்போதே எண்ணெய் வைக்க வேண்டும். எட்டு வயதுத் தலைக்கு ஒரு தேக்கரண்டி போதும். அதை உள்ளங்கை இரண்டிலும் தேய்த்து, முதலில் பிடரியில், பிறகு காதோரங்களில், கடைசியாகக் கையில் மிஞ்சியதை முன்மயிரில் தடவுவோம். நேரே முன்னால் ஊற்றினால்தான் நெற்றியில் இறங்கும்.

பிறகு எல்லாவற்றையும் பின்னோக்கி ஒருமுறை இழுக்க வேண்டும். இடது கையால் நாடியைப் பிடித்துக்கொண்டு, சீப்பின் ஓரப் பல்லை இடது புருவத்தின் வளைவுக்கு நேர் மேலே வைத்து, பின்னால் சுழியை நோக்கிக் கோடு போட வேண்டும். சுழிக்கு ஒரு விரல் முன்னதாகவே நிறுத்திவிட வேண்டும், சுழிக்குள் சீப்பு போனால் மயிர் குத்திட்டு நிற்கும். பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சுழி வலம்புரியாகச் சுற்றுவதால் மயிர் இடமிருந்து வலமாகத்தான் படியும், உச்சி இடப்பக்கம் வருவதற்கு அதுதான் காரணம். சுழி மறுபக்கம் சுற்றும் பிள்ளைக்கு வலப்பக்கம் பிரித்தால்தான் அடங்கும். கடைசியில் நெற்றியைத் துவாயால் துடைத்துவிட்டுத்தான் திருநீறு. துடைக்காமல் பூசினால் மூன்று குறியும் ஊறி ஒன்றாகிவிடும். எண்ணெய் கூடிப்போனதைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல சோதனை கிடையாது. வெள்ளைச் சட்டைக் கழுத்தில் மஞ்சள் படிந்த பிறகு கண்டுபிடித்து என்ன பயன்?

அக்காவின் பேரன் வேறு விதமாகப் புறப்பட்டான். ஞாயிறு காலை காய்ந்த தலையில் நிறைய எண்ணெய் தேய்த்து, ஒரு மணிநேரம் ஊறவைத்து, ஷாம்பு போட்டுக் கழுவிவிடுகிறார்கள். மற்ற நாட்களில் தண்ணீர் தொட்டுச் சீவி, முன்னால் கொஞ்சம் தூக்கிவிட்டு அனுப்புகிறார்கள். அவன் வேன் வர எட்டே முக்கால் ஆகும், அதற்குள் தலை காய்ந்து மறுபடி பறக்கும். எங்களுக்குப் பள்ளிக்கூட மணி ஏழரைக்கு அடித்துவிடும், ஒன்றரை மணி வரை அந்த உச்சி கலையாமல் இருக்க வேண்டும், வாசலில் மாணவத் தலைவர்கள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். தண்ணீர் தொட்டு இழுத்தால் முதல் பாடம் முடியவே போய்விடும்.

கிணறும் ஒரு காரணம். யாழ்ப்பாணம் சுண்ணக்கல்லின் மேல் இருக்கிற நிலம். எங்கள் தண்ணீர் கடினநீர், சவர்க்காரம் நுரைக்காது, குளித்துக் காய்ந்தால் மயிர் தும்பு மாதிரி விறைக்கும். நாளும் கொஞ்சம் எண்ணெய் வைப்பது எங்களுக்கு அலங்காரம் இல்லை, அந்தத் தண்ணீருக்கு மருந்து.

நியாயம் சொல்ல வேண்டுமென்றால் அவர்களுடைய முறைக்கும் ஆதாரம் இருக்கிறது. இந்திய ஆய்வாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டார்கள். மயிரிலிருந்து புரதம் கழிந்துபோவதைக் குறைத்தது தேங்காயெண்ணெய் ஒன்றுதான். அதன் லாரிக் அமிலம் சிறிய, நேரான மூலக்கூறு என்பதால் மயிர்த்தண்டுக்குள்ளேயே இறங்குகிறது. கழுவுமுன் வைத்தாலும் பிறகு வைத்தாலும் பலன் இருந்தது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை எண்ணெயும் வீண்போகவில்லை. சொடுகு உள்ள பிள்ளைக்கு நாளும் எண்ணெய் வைப்பது பிழை என்று அந்தப் பக்கத்து வீட்டு அம்மா பிறகு ஒருநாள் சொன்னார். அதுவும் சரிதான், சொடுகுக்குக் காரணமான பூஞ்சை எண்ணெய்ப் பசையில்தான் வளரும். வேரில் வெள்ளைச் செதிலும் அரிப்பும் கண்டால் நாங்களும் நிறுத்திவிட்டுத் தேசிக்காய் தேய்த்து முழுக வார்ப்போம்.

உறையூர்த் தெருவில் அரசுப் பள்ளிக்கு நடந்துபோன பொடியன்களில் பாதிப் பேர் எண்ணெய் பளபளக்கப் படிய வாரித்தான் போனார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த அம்மா தன் தெருவைப் பார்க்கவில்லை. நானும் அந்த ஒரு தெருவைத்தான் பார்த்தேன்.

ஆனால் எண்ணெய்த் தலை என்றால் எனக்கு வேறொன்றும் ஞாபகம் வரும். 1995 ஒக்ரோபர் கடைசியில் போரில் இடம்பெயர்ந்து வலிகாமத்திலிருந்து எல்லோருமாகத் தென்மராட்சிக்கு நடந்தபோது என் தம்பிக்கு ஒன்பது வயது. அம்மாவின் பையில் அடையாள அட்டைகளோடு ஒரு சீப்பும் சின்னப் போத்தலில் எண்ணெயும் இருந்தன. நாங்கள் ஒதுங்கிய வீட்டுக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடம் பின்நேரத்தில் எங்களுக்காக நடந்தது. அவனுக்குக் கொப்பி ஒன்றுதான், சட்டையும் ஒன்றுதான். அம்மா வேலியோரம் நிறுத்தி நாடியைப் பிடித்து உச்சி பிரித்துத்தான் அனுப்பினா. "அகதிப் பிள்ளை எண்டு ஒருத்தரும் சொல்லக்கூடாது" என்பா. அந்தக் கோடு நேராக இருந்தவரைக்கும் நாங்கள் வீடுள்ள மனிதர் என்று அவவுக்கு ஒரு நினைப்பு.

என் மகன் நாளைக்கும் கன்ன உச்சியோடுதான் பள்ளிக்கூடம் போவான். அது வழிகிறதா என்று பார்க்க விரும்புகிறவர்கள் அவன் நெற்றித் திருநீற்றைப் பார்க்கட்டும்.