புகையா, நச்சாவியா?

1875இல் அச்சான 'கெமிஸ்தம்' நூலில் மருத்துவர் கிறீன் குழுவினர் துறைப் பெயரையே ஒலிபெயர்த்தனர். பெயருக்கு அது போதும். கடலூர், சிதம்பரம் முதலாண்டு மாணவருக்கான ஆய்வகக் குறிப்புக்குப் போதாது.

'ஃபியூம் ஹூட்' என்பதைப் 'புகைக்கூண்டு' என்று எழுதினால் என்ன ஆகும்? எண்ணிப் பாருங்கள். புகை கண்ணுக்குத் தெரியும். ஹைட்ரஜன் சல்பைடோ நிறமற்றது. முதலில் அழுகிய முட்டை நாற்றம் வீசும். அளவு மிகுந்தால் மூக்கு மரத்து, நாற்றமும் தெரியாது. "புகையில்லையே" என்று மாணவர் கண்ணாடிக் கதவை உயர்த்திவிடுவார். 'நச்சாவிக் கூண்டு' என்பதே பொருந்தும்.

'சூடான குடுவையைத் தொடாதே' என்பதிலும் இதே குறை. சூடான கண்ணாடியும் ஆறிய கண்ணாடியும் பார்வைக்கு ஒன்றே. 'தொடுமுன் புறங்கையை அருகே கொண்டுசென்று வெப்பத்தை உணர்க' என்று எழுதினால்தான் விரல் தப்பும்.