நடுச்சுவரை எடுத்த படம்: தரையும் சீலிங்கும் தப்புமா?

ஹாலுக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே நிற்கும் நாலரை அங்குலச் செங்கல் சுவரை இடித்தால் வீடு எப்படி இருக்கும்? ஃபிளாட் வாங்கியவர் கேட்கும் இந்தக் கேள்விக்கு வடிவமைப்பாளர் படத்தால்தான் பதில் சொல்கிறார். இருக்கிற ஹாலைப் படம் பிடித்து, சுவரை மட்டும் நீக்கி, இரண்டு அறைகளும் ஒன்றான தோற்றத்தைக் காட்டுகிறார். கேட்க எளிதாக இருக்கும் இந்த வேலையைச் செய்து பார்த்தால், படம் திருத்துவதில் இதைவிடக் கடினமானவை குறைவு என்று புரியும்.

கைப்பேசியில் இருக்கும் அழிப்பான்கள் இதற்கு உதவாது. கடற்கரைப் படத்தில் குறுக்கே வந்தவரை அவை நன்றாகவே நீக்கும். அவருக்குப் பின்னால் இருப்பது மணலும் கடலும். அதே மணலும் கடலும் பக்கத்திலும் இருக்கின்றன. சுவருக்குப் பின்னால் இருப்பதோ படத்தில் எங்குமே இல்லாத ஓர் அறை. அதை அழித்து வரவழைக்க முடியாது, கட்டித்தான் ஆக வேண்டும். அந்தக் கட்டும் வேலைக்கு ஃபோட்டோஷாப்பில் இரண்டு கருவிகள் இருக்கின்றன. 2023இல் வந்த Generative Fill ஒன்று. 2005இல் CS2 பதிப்போடு வந்து, இன்று பலர் மறந்தே போன Vanishing Point மற்றொன்று. எது எங்கே கைகொடுக்கிறது என்று பார்க்க, அளவு தெரிந்த ஒரு ஹாலை எடுத்துக்கொள்வோம்.

ஹாலின் அகலம் 12 அடி. தரையில் இரண்டடிக்கு இரண்டடி விட்ரிஃபைட் டைல்ஸ். சீலிங் உயரம் 10 அடி. கேமராவை நான்கடி உயரத்தில், நடுச்சுவருக்கு நேராக, 12 அடி தள்ளி வைத்திருக்கிறார்கள். சுவருக்கு அப்பால் சாப்பாட்டு அறையின் பின்சுவர் கேமராவிலிருந்து 20 அடியில் இருக்கிறது. ஃபுல் ஃபிரேம் கேமராவில் 24 மில்லிமீட்டர் லென்ஸ். படம் 6000 பிக்ஸல் அகலம், 4000 உயரம்.

இந்த எண்கள் கையில் இருந்தால், சுவர் போன பிறகு என்ன தெரிய வேண்டும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம். நடுச்சுவரின் அடி, கண்மட்டக் கோட்டுக்குக் கீழே ஏறக்குறைய 1333 பிக்ஸலில் விழும். பின்சுவரின் அடி 800 பிக்ஸலில் விழும். ஆக, புதிதாகத் தெரிய வேண்டிய தரை 533 பிக்ஸல் உயரமுள்ள ஒரு பட்டை. அதற்குள் நான்கு டைல்ஸ் வரிசைகள் அடங்க வேண்டும். அவற்றின் உயரங்கள் சமமாக இருக்கக் கூடாது. முதல் வரிசை 190 பிக்ஸல் என்றால் அடுத்தவை 143, 111, 89 என்று குறுகிக்கொண்டே போக வேண்டும்.

Generative Fill முதலில் சறுக்குவது இங்கேதான். சுவர் முழுவதையும் தேர்ந்தெடுத்து, எதுவும் எழுதாமல் நிரப்பச் சொன்னால், அது பெரும்பாலும் இன்னொரு சுவரையே வைக்கும். சுற்றிலும் உள்ள படத்தைப் பார்த்து நிரப்பும் கருவிக்கு, அறையின் கோடியில் சுவர் இருப்பதுதான் இயல்பாகப் படும். திறந்த சாப்பாட்டு அறை வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் மேசை, நாற்காலி, ஜன்னல், திரைச்சீலை என்று அழகாகவே வரும். முதல் பார்வைக்குக் கண் ஏமாறும். ஆனால் தரையைக் கவனியுங்கள். ஹாலில் ஓடி வரும் ஜாயிண்ட் கோடு சுவர் நின்ற இடத்தில் சற்று முறிந்து வேறு திசையில் போகும். டைல்ஸ் வரிசைகள் குறுகாமல் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்கும். சில சமயம் ஆறு டைல்ஸ் அகலமுள்ள ஹால், அந்தப் பக்கம் போனதும் ஏழாகிவிடும். கருவி இதே போன்ற தரைகளைக் கொண்டு ஒரு தரையை ஊகிக்கிறதே தவிர, இந்தத் தரையை அளக்கவில்லை.

கூர்மை இன்னொரு குறை. வெளிவந்த காலத்தில் இந்தக் கருவி 1024 பிக்ஸல் அளவில் உருவாக்கி, அதையே பெரிதாக்கித் தந்தது. நம் ஹாலின் நடுச்சுவர் படத்தில் 4000 பிக்ஸல் அகலம் பிடிக்கிறது. ஏறக்குறைய நான்கு மடங்கு இழுத்தால் ஹால் பளிச்சென்றும் சாப்பாட்டு அறை மங்கலாகவும் தெரியும். பின்னால் வந்த மாதிரிகளில் இந்த வரம்பு தளர்ந்திருக்கிறது. ஆனாலும் பெரிய பரப்பை ஒரே வீச்சில் நிரப்புவதைவிட, சிறு துண்டுகளாகத் தேர்ந்தெடுத்து நிரப்புவதே நல்லது.

Vanishing Point ஊகிப்பதே இல்லை. அதனால்தான் தரைக்கு அதுவே சரி. முதலில் லென்ஸின் வளைவை Lens Correction கொண்டு நிமிர்த்திவிட வேண்டும். வளைந்த கோட்டின் மேல் இந்தக் கருவி வேலை செய்யாது. பிறகு ஒரு வெற்று லேயரைத் திறந்துகொண்டு கருவிக்குள் போய், ஹால் தரையில் தெளிவாகத் தெரியும் நான்கு டைல்ஸ் மூலைகளைக் குறிக்க வேண்டும். கட்டம் நீல நிறத்தில் வந்தால் கணக்கு பொருந்துகிறது. மஞ்சளோ சிவப்போ வந்தால் ஏதோ ஒரு மூலை பிசகியிருக்கிறது. கட்டக் கோடுகள் ஜாயிண்ட்களின் மேல் படியும்படி Grid Size அளவைத் திருத்திவிட்டு, கட்டத்தின் பின்விளிம்பைப் பிடித்துச் சுவரின் மேல் இழுத்தால், தரை சுவரைத் தாண்டி எப்படி ஓடும் என்பது கண்ணெதிரே விரிகிறது. நான்கு கட்டங்கள் எண்ணி நிறுத்தினால் அதுதான் பின்சுவரின் அடி.

அடுத்து, சோஃபாவோ கம்பளமோ மறைக்காத ஒரு பகுதியைச் செவ்வகமாகத் தேர்ந்தெடுத்து, Alt அழுத்தியபடி மேலே இழுக்க வேண்டும். போகப் போக அது தானாகவே சரியான விகிதத்தில் சிறுத்துக்கொள்ளும். அருகிலுள்ள டைல்ஸைத் தொலைவுக்குக் கொண்டுபோவதால் கூர்மையும் குறைவதில்லை. அருகே உள்ள தரையின் வெளிச்சம் வேறாக இருந்தால், Heal பட்டியலில் Luminance என்பதைத் தேர்ந்தால் அங்குள்ள வெளிச்சத்தோடு இணங்கிவிடும். கருவி இருபது ஆண்டுப் பழமையானதுதான். ஆனால் இந்தச் செயலுக்கு இதைவிட நம்பகமான வழி ஃபோட்டோஷாப்பில் இன்னும் வரவில்லை என்றே சொல்ல வேண்டும்.

முடிந்த தரை சரிதானா என்று பார்க்க ஒரு பழைய சோதனை இருக்கிறது. இத்தாலியரான ஆல்பெர்ட்டி 1435இல் ஓவியத்தைப் பற்றி எழுதிய நூலில் சொன்ன வழி அது. ஒரு டைல்ஸின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் கோடு போட்டு, அதை அப்படியே நேராக நீட்ட வேண்டும். தரை சரியென்றால், அந்தக் கோடு அடுத்தடுத்த வரிசைகளிலும் மூலைகளை மட்டுமே தொட்டுக்கொண்டு போகும். Generative Fill தந்த தரையில் கோடு சுவர் இருந்த இடத்தைத் தாண்டியதுமே மூலையைத் தவறவிட்டு டைல்ஸின் நடுவில் வெட்டும். கோடு ஒன்று போதும். வீட்டுக்காரரே திரையில் அளவுகோலை வைத்துப் பார்த்துவிடலாம்.

சாப்பாட்டு அறையின் உண்மையான படம் கிடைக்கும்போது அதை ஏன் கற்பனை செய்ய வேண்டும்? அங்கே போய் ஒரு படம் எடுத்தால் போதும். கேமரா உயரம் அதே நான்கடி, லென்ஸும் அதே. நடுச்சுவரை ஒட்டி நின்று எடுத்தால், ஹாலிலிருந்து தெரிய வேண்டிய அளவைவிடப் பெரிதாகப் பின்சுவர் அதில் பதிந்திருக்கும். தொலைவுகளின் விகிதத்துக்கு ஏற்ப அதைச் சுருக்கி ஒட்டினால் ஜன்னலும் சுவர் நிறமும் அச்சாகப் பொருந்தும். ஆனால் இந்தப் பொருத்தம் தட்டையான பரப்புக்கு மட்டுமே. சுவர், தரை, சீலிங் ஒவ்வொன்றையும் நான்கு மூலை பிடித்துத் தனித்தனியே உட்கார வைக்கலாம். மேசையும் நாற்காலியும் அப்படி உட்காராது. அருகில் நின்று எடுத்த நாற்காலியின் இருக்கை, தொலைவிலிருந்து பார்ப்பதைவிடக் கூடுதலாக மேலிருந்து தெரியும். அதனால் அந்தப் படத்தை எடுக்கும்போது அறையைக் காலியாக்கிவிடுவது நல்லது. மேசையைப் பிறகு சேர்க்கலாம். Generative Fill தன் திறமையைக் காட்டுவது அந்த இடத்தில்தான்: ஆயிரம் பிக்ஸலுக்குள் அடங்கும் ஒரு மேசை, சோஃபாவின் விளிம்பில் ஒட்டியிருக்கும் சுவர்த் துணுக்கு, திரைச்சீலையின் மடிப்பு.

இனி சீலிங். வெறும் வெள்ளைதானே என்று நினைத்துப் பலர் அவசரமாகப் பூசி முடித்துவிடுகிறார்கள். சுவரும் சீலிங்கும் சந்திக்கும் மூலையில் வெளிச்சம் குறைவதால், சீலிங்கில் ஒரு மெல்லிய நிழல் படிந்திருக்கும். சுவர் போனாலும் அந்த நிழல் ஹால் பக்கத்தில் அப்படியே நிற்கும். தேர்வை மூலையோடு நிறுத்தாமல், ஹாலுக்குள் ஓரடியாவது நீட்டி வெளிச்சத்தைச் சமன்செய்ய வேண்டும். பளபளக்கும் டைல்ஸில் விழுந்த சுவரின் பிரதிபலிப்புக்கும் இதுவே விதி. சுவரை எடுத்துவிட்டு அதன் வெண்மையைத் தரையில் விட்டுவைத்தால் படம் உடனே காட்டிக்கொடுக்கும். அந்த இடத்தில் இப்போது பின்ஜன்னலின் வெளிச்சம்தான் தலைகீழாக, நேர் கீழே விழ வேண்டும்.

சீலிங்கில் இன்னொரு பெரிய விஷயம் பீம். தூண்களின் மேல் நிற்கும் அடுக்ககங்களில் பல நடுச்சுவர்கள் ஒரு பீமின் கீழேதான் எழுப்பப்படுகின்றன. சுவரை இடிக்கலாம், பீமை இடிக்க முடியாது. சுவரின் மேல் பகுதி சற்றுப் புடைத்துக்கொண்டு நின்றால் அங்கே பீம் இருக்கிறது என்று அர்த்தம். நம் ஹாலில் ஓரடி இறங்கிய, ஒன்பது அங்குல அகலமுள்ள பீம் இருந்தால், அதைத் தாண்டி இரண்டரை அடி வரையிலான சாப்பாட்டு அறை சீலிங் கேமராவுக்குத் தெரியவே தெரியாது. Generative Fill பீமைத் துடைத்துவிட்டு ஒரே சமதளமான சீலிங்கை நீட்டித் தருகிறது. பார்க்க அழகு, கட்ட முடியாத அழகு. பீமைத் தேர்வுக்கு வெளியே விட்டு, அதன் அடிப்பரப்பை மட்டும் சேர்த்து வரைவதே நேர்மையான படம்.

தரையிலும் அப்படி ஓர் உண்மை காத்திருக்கிறது. வழக்கமாகச் சுவர் எழுப்பிய பிறகுதான் டைல்ஸ் ஒட்டுகிறார்கள். அதனால் சுவரின் அடியில் டைல்ஸே இருக்காது. இரண்டு அறைகளின் ஜாயிண்ட்களும் நேர்க்கோட்டில் இருக்கும் என்ற உறுதியும் கிடையாது. பூச்சோடு சேர்த்து ஏறக்குறைய ஆறு அங்குலப் பட்டை ஒன்று வெறும் சிமெண்டாக வெளிப்படும். கோடு முறியாமல் ஓடும் தரையைப் படத்தில் காட்டினால், வீட்டுக்காரர் சாப்பாட்டு அறை முழுவதற்கும் புது டைல்ஸ் போடச் சம்மதித்ததாகிவிடும். அந்தச் செலவு வேண்டாம் என்றால், நம் படத்தில் 53 பிக்ஸல் உயரம் வரும் அந்தப் பட்டையைக் கருப்பு கிரானைட்டாக வரைந்துவிடலாம். சாப்பாட்டு அறைத் தரையை, அங்கே எடுத்த படத்திலிருந்து அதன் சொந்த ஜாயிண்ட்களோடு கொண்டுவந்து பட்டைக்கு அப்பால் வைக்கலாம். கொத்தனார் கடைசியில் செய்யப்போவதும் பெரும்பாலும் அதுதான்.