இரண்டு வெற்றிக்காக இருபது பந்தயங்கள்

வருமானம் இன்னும் வராத, விற்கும் பொருள்கூட முழுதாக உருவாகாத ஒரு நிறுவனத்துக்கு வங்கி கடன் தராது. அடமானம் வைக்க அதனிடம் ஒன்றும் இல்லை. வட்டி கட்டவும் வழியில்லை. அந்த இடத்தில் பணம் போட முன்வருபவர்கள் இரு வகையினர். தம் சொந்தப் பணத்தை, பெரும்பாலும் ஆட்களை நம்பிப் போடும் தனிநபர், ஏஞ்சல் முதலீட்டாளர். ஓய்வூதிய நிதியங்கள், பல்கலைக்கழக அறக்கட்டளைகள் போன்ற பிறரின் பணத்தைத் திரட்டி, அதைப் பங்காகப் போடுவது துணிகர முதலீட்டு நிறுவனம். இருவரும் கடன் கொடுப்பதில்லை, பங்கு வாங்குகிறார்கள். நிறுவனம் மூழ்கினால் போட்ட பணமும் போயிற்று.

கூகுளின் தொடக்கம் இந்த இரு படிகளையும் தெளிவாகக் காட்டுகிறது. 1998 ஆகஸ்டில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனர்களில் ஒருவரான ஆண்டி பெக்டோல்ஷைம், லாரி பேஜும் செர்கே பிரின்னும் காட்டிய தேடுபொறியைப் பார்த்துவிட்டு, கூகுள் என்ற நிறுவனத்தின் பெயருக்கு 1,00,000 டாலர் காசோலை எழுதிக் கொடுத்தார். அந்தப் பெயரில் நிறுவனமே அப்போது பதிவாகியிருக்கவில்லை. செப்டம்பரில் பதிவு முடிந்த பிறகுதான் காசோலையை வங்கியில் போட முடிந்தது. சென்னையில் பிறந்து லயோலா கல்லூரியில் படித்த ராம் ஸ்ரீராமும் அந்த முதல் ஏஞ்சல்களில் ஒருவர். 1999 ஜூனில் சிகோயா, கிளைனர் பெர்கின்ஸ் என்ற இரு துணிகர முதலீட்டு நிறுவனங்கள் சேர்ந்து, பாதிப் பாதியாக, 2.5 கோடி டாலர் போட்டன. 2004-இல் கூகுள் பங்கு 85 டாலருக்குப் பட்டியலானபோது, சிகோயாவின் பங்குகளின் மதிப்பு சுமார் 200 கோடி டாலர். அது போட்ட பணத்தைப் போல் ஏறத்தாழ 160 மடங்கு.

இப்படி ஒன்று கிடைத்தால் போதும் என்று முதலீட்டாளர் நினைப்பது பேராசையால் அல்ல; துணிகர நிதியத்தின் கணக்கே அப்படி அமைந்திருக்கிறது. 100 கோடி ரூபாய் நிதியம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் ஆயுள் வழக்கம்போல் பத்து ஆண்டு. நடத்துபவர்களின் கட்டணம் ஆண்டுக்கு 2 விழுக்காடு என்றால், பத்து ஆண்டில் 20 கோடி கழிந்துவிடும். மீதி 80 கோடியை 20 நிறுவனங்களில், தலா 4 கோடியாகப் போடுகிறார்கள். பணம் கொடுத்தவர்கள் எதிர்பார்ப்பது மூன்று மடங்கு, அதாவது 300 கோடி. இருபதில் 13 ஒன்றும் தராமல் போகட்டும். ஐந்து தலா 8 கோடி திருப்பித் தரட்டும். கைக்கு வருவது 40 கோடி. மீதி 260 கோடியையும் எஞ்சிய இரண்டு நிறுவனங்கள்தான் கொண்டுவர வேண்டும். தொடக்கத்தில் 20 விழுக்காடாக இருந்த நிதியத்தின் பங்கு, பின்வரும் சுற்றுகளில் புதிய முதலீட்டாளர்கள் சேரச் சேர 13 விழுக்காடாகக் கரைந்திருந்தால், அந்த இரண்டின் மதிப்பும் சேர்ந்து 2,000 கோடியைத் தொட்டாக வேண்டும்.

எந்த இரண்டு என்பது முன்கூட்டித் தெரியாது. அதனால் இருபதில் ஒவ்வொன்றும் 1,000 கோடி நிறுவனமாக வளரக்கூடியதா என்று பார்த்தே பணம் போடப்படுகிறது. ஒழுங்காக லாபம் ஈட்டி, 60 கோடி மதிப்போடு நிற்கக்கூடிய தொழில் உரிமையாளருக்கு நல்ல வாழ்க்கை; நிதியத்துக்கோ அது எண்ணிக்கையில் சேராத ஒன்று.

நிஜ எண்களும் இந்தக் கணக்கை ஒட்டியே இருக்கின்றன. 2004 முதல் 2013 வரை அமெரிக்காவில் நடந்த 21,000-க்கும் மேற்பட்ட முதலீட்டுச் சுற்றுகளை கோரிலேஷன் வென்ச்சர்ஸ் என்ற நிறுவனம் ஆராய்ந்தது. சுமார் 65 விழுக்காடு போட்ட பணத்தைக்கூட முழுதாகத் திருப்பவில்லை. பத்து மடங்கோ அதற்கு மேலோ தந்தவை 4 விழுக்காடுதான்.

தேர்ந்த கண்கள் ஏன் இந்த நாலு விழுக்காட்டை மட்டும் பொறுக்கி எடுக்க முடிவதில்லை? வெல்லப்போவதும் தோற்கப்போவதும் தொடக்கத்தில் ஒரே மாதிரி தெரிவதுதான் காரணம். 1999-இல் தேடுபொறிகள் ஏற்கெனவே பல இருந்தன. கூகுளுக்கு வருமான வழி எதுவென்று யாராலும் சொல்ல முடியவில்லை. அதை வாங்கும் வாய்ப்பு வந்தும் எக்சைட் நிறுவனம் மறுத்துவிட்டது. விளம்பரங்களை விற்கும் ஆட்வேர்ட்ஸ் வந்தது 2000 அக்டோபரில்தான்.

அதே காலத்தில் அதே சிகோயா பணம் போட்ட இன்னொரு நிறுவனம் வெப்வான். இணையத்தில் மளிகைச் சாமான் வாங்கி வீட்டுக்கே வரவழைப்பது என்ற யோசனை, தேடுபொறியைவிடக் கைக்கெட்டியதாகத் தெரிந்தது. மளிகைச் செலவு இல்லாத வீடு ஏது? ஓக்லாந்தில் அதன் முதல் பெருங்கிடங்கு 1999 ஜூனில் திறந்தது. அது லாபம் தருமா என்று தெரிவதற்கு முன்பே, அடுத்த மாதம், மேலும் பல நகரங்களில் கிடங்குகள் கட்ட பெக்டல் நிறுவனத்தோடு 100 கோடி டாலர் ஒப்பந்தம் போடப்பட்டது. ஆர்டர்கள் கிடங்கின் கொள்ளளவை நிரப்பவில்லை. நிரம்பாத கிடங்கில் ஒவ்வொரு விநியோகமும் நஷ்டம். 2001 ஜூலையில் வெப்வான் திவாலானது.

யோசனை தவறு என்று சொல்வதற்கில்லை. வீட்டுக்கு மளிகை கொண்டுவரும் தொழில் பின்னாளில் பல நாடுகளில் வேரூன்றியது. ஒரு ஆர்டரில் கிடைக்கும் லாபம் நிரூபணமாவதற்கு முன்பே அளவைப் பெருக்கியதுதான் கேடு. இது வெளியிலிருந்தே கண்டுகொள்ளக்கூடிய அறிகுறி. விற்பனை இரட்டிக்கும்போது நஷ்டமும் இரட்டிக்கிறது என்றால், வளர்ச்சி அந்த நிறுவனத்தைக் காப்பாற்றாது. ஆனால் அந்த அவசரத்தைத் தூண்டுவது மேலே பார்த்த கணக்குதான். பத்து ஆண்டுக்குள் 1,000 கோடியை எட்ட வேண்டிய நிறுவனத்துக்கு ஒரு நகரத்தில் நின்று சரிபார்க்கப் பொறுமை இருக்காது. இந்த முறையின் முதல் பெரிய குறை இது: தோல்வியில் ஒரு பகுதியை அதுவே உண்டாக்குகிறது.

முறையின் பலமும் உண்மையானது. தோற்றால் இழப்பு போட்ட தொகையோடு நிற்கும். வென்றால் லாபத்துக்கு எல்லை கிடையாது. ஆகவே தவறான நிறுவனத்தில் போடுவதைவிட, சரியானதைத் தவறவிடுவதே பெரிய நஷ்டம். பெசமர் வென்ச்சர் பார்ட்னர்ஸ், தான் மறுத்துவிட்ட நிறுவனங்களின் பட்டியலை வெளிப்படையாகவே வைத்திருக்கிறது. கூகுள் அதில் உண்டு. வேறு எந்தக் கதவும் திறக்காத முயற்சிகளுக்குப் பணம் கிடைப்பது இந்தத் துணிவால்தான்.

ஆனால் பந்தயம் பரவலாக இருப்பது முதலீட்டாளருக்கு மட்டுமே. நிறுவனருக்கு இருப்பது ஒன்றே ஒன்று. அதிலும் முதலீட்டாளர் வாங்குவது பெரும்பாலும் முன்னுரிமைப் பங்கு. நிறுவனத்தை விற்கும்போது, போட்ட தொகையை முதலில் எடுத்துக்கொள்ளும் உரிமை அதற்கு உண்டு. 40 கோடி போட்டு 40 விழுக்காடு பங்கு வைத்திருக்கும் முதலீட்டாளர் இருக்கும் நிறுவனம் 50 கோடிக்கு விலைபோனால், 40 கோடி அவருக்கே போகும். 60 விழுக்காடு வைத்திருக்கும் நிறுவனர்களும் ஊழியர்களும் மீதி 10 கோடியைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். பங்கு கிடைக்கும் என்று நம்பிக் குறைந்த சம்பளத்தில் பல ஆண்டு உழைத்த ஊழியருக்கு இது பேரிடி. விற்பனைச் செய்தியில் வரும் 50 கோடி என்ற எண்ணில் இது தெரியாது.

நிதியத்துக்குப் பணம் தந்தவர்களும் எப்போதும் வெல்வதில்லை. அமெரிக்காவின் காஃப்மன் அறக்கட்டளை, தான் இருபது ஆண்டுகளில் பணம் போட்ட 100 துணிகர நிதியங்களை 2012-இல் திரும்பிப் பார்த்தது. கட்டணம் போக, 62 நிதியங்கள் பங்குச்சந்தையில் கிடைத்திருக்கக்கூடிய லாபத்தைத் தாண்டவில்லை. ஆனால் நிதியத்தை நடத்துபவர்களின் ஆண்டுக் கட்டணம், லாபம் வந்தாலும் வராவிட்டாலும் வந்துகொண்டே இருக்கும். நிதியம் பெரிதாகப் பெரிதாக அதுவும் கூடும். ஆகவே நல்ல வாய்ப்புகள் அதே அளவில் இல்லாதபோதும் பெரிய நிதியம் திரட்டவே அவர்களுக்கு ஊக்கம் பிறக்கிறது.

மென்பொருள் போல, ஒருமுறை உருவாக்கிவிட்டால் அடுத்த வாடிக்கையாளருக்கு அதிகச் செலவில்லாத தொழில்களுக்கு இந்தப் பணம் பொருந்துகிறது. அங்கும் அது கட்டாயமில்லை. 2010-இல் சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ், துணிகர முதலீட்டில் வளர்ந்து 2021-இல் நாஸ்டாக்கில் பட்டியலானது. அதை நிறுவியவர்கள் முன்பு வேலை பார்த்த ஜோஹோ, வெளி முதலீட்டை வாங்காமல் வாடிக்கையாளர்கள் கட்டிய பணத்திலேயே பெரிய நிறுவனமாக வளர்ந்தது. பத்து ஆண்டில் வெளியேறியாக வேண்டிய நிதியம் எதுவும் அதில் இல்லாததால், பங்குச்சந்தைக்குப் போகும் கட்டாயமும் அதற்கு வரவில்லை.